90 மில்லி தாமரை 78 ஆன கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

காரைக்குடி ரவுட்டர்காரன்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. நிலைக்கு மேலே இருந்த தேக்குப் பூவேலைப் பலகை ஒன்றைக் கரையான் தின்றுவிட்டது. பக்கத்து நிலையில் அதன் ஜோடி நல்லபடியாக இருக்கிறது. "அதே மாதிரி வேணும்ப்பா, ஒரு இலை மாறக் கூடாது" என்று வீட்டு ஆச்சி சொல்லிவிட்டார்கள். நல்ல பலகையின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். அதை ஸ்கேன் செய்து, வெளியே ஒரு டிசைனரிடம் கொடுத்துக் கோடுகளாக DXF ஃபைல் ஆக்கி வாங்கினேன்.

பலகையில் ஊடுருவி வெட்டும் ஓட்டைகள் 36. மேலே ஒட்டுவதற்குத் தனித் தாமரைகள் 6, ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் அகலம். ரவுட்டர் மெஷினில் வெட்டும் பிட் 6 மில்லி. ஃபைலைத் திறந்தபோது கண்ணுக்கு எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. பிட் ஓட வேண்டிய டூல்பாத் போடும்போது ஏதோ திறந்திருக்கிறது என்று எச்சரிக்கை வந்தது, அவசரத்தில் ஓகே தட்டிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

மூன்று ஓட்டைகளை மெஷின் தொடவே இல்லை. நான்கு தாமரை சரியாக வந்தது. மற்ற இரண்டில் வெளிச்சுற்று முடிந்ததும் பிட் மறுபடி உள்பக்கமாக ஒரு சுற்று வந்தது. கடைசியில் பூ பிய்த்துக்கொண்டு பறந்து தூசி உறிஞ்சும் கூட்டில் போய் அடித்தது. எடுத்து அளந்தால் 78 மில்லி. பிடித்திருக்க நான்கு இடத்தில் மரத்தை வெட்டாமல் டேப் விட்டிருந்தேன், அது என்ன ஆனது என்றே புரியவில்லை. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தேவகோட்டை ஆசாரி

தம்பி, தேக்கு பழசா புதுசா? மூட்டு திறந்து போகிறது என்றால் ஈரம்தான் காரணம். எங்கள் அப்பா காலத்தில் மரத்தை ஒரு வருஷம் நிழலில் போட்டுவிட்டுத்தான் உளி வைப்பார்கள். 12 மில்லி சுருங்குகிறது என்றால் பச்சை மரத்தைத்தான் உங்களிடம் விற்றிருக்கிறார்கள்.

காரைக்குடி ரவுட்டர்காரன்

ஐயா, மரம் சுருங்கவில்லை, மெஷினே சிறிதாக வெட்டிவிட்டது. திறந்திருந்தது கம்ப்யூட்டரில் உள்ள கோடு.

பள்ளத்தூர் லேசர்

இதில் என்ன இருக்கிறது அண்ணே. ஆட்டோகேடில் இரட்டைக் கோட்டை நீக்க OVERKILL ஒரு தடவை, கோடுகளை ஒட்ட PEDIT ஒரு தடவை. எவ்வளவு இடைவெளி வரை ஒட்டலாம் என்கிற ஃபஸ் டிஸ்டன்ஸை 1 கொடுங்கள், எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நான் ஸ்டீல் கேட்டுக்குத் தினமும் இதைத்தான் செய்கிறேன்.

டிராயிங் டேபிள்

தாமரைக்குக் காரணம் டூப்ளிகேட் கோடு. மேலே ஒன்று, அதே இடத்தில் அடியில் இன்னொன்று. ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று இருந்தால், டூல்பாத் போடும் பல CAM சாஃப்ட்வேர்கள் உள்ளே இருப்பதை ஓட்டை என்று எடுத்துக்கொள்ளும். முதல் கோட்டுக்கு வெளிப்பக்கம் வெட்டியது, அதுவரைக்கும் சரி. அதன் நகலை ஓட்டை என்று நினைத்து உள்பக்கம் வெட்டியிருக்கிறது. 6 மில்லி பிட் கோட்டுக்கு உள்ளே 6 மில்லி மரத்தைத் தின்னும். இரண்டு பக்கமும் சேர்த்து 12 போனால் 90 என்பது 78. நீங்கள் டேப் வைத்தது முதல் கோட்டில். நகலில் டேப் இல்லாததால் பூவைப் பிடிக்க ஒன்றும் இல்லை, பறந்துவிட்டது.

வெட்டாமல் விட்ட மூன்று ஓட்டைகளும் மூடாத கோடுகள். எது உள், எது வெளி என்று தெரியாததால் சாஃப்ட்வேர் ஒதுக்கிவிட்டது. நீங்கள் ஓகே தட்டிய எச்சரிக்கை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளத்தூர் தம்பி சொன்ன வரிசை சரி, அளவு சரியில்லை. கேட்டில் கம்பியெல்லாம் நீளம், 1 மில்லி தாங்கும். பூவேலையில் இலை நுனியில் 0.6 மில்லித் துண்டுக் கோடுகள் இருக்கும். ஃபஸ் 1 கொடுத்தால் நுனியைத் தாண்டிப் பக்கத்து முனையோடு ஒட்டி, இலை மொட்டையாகிவிடும். ஃபைலில் உள்ள மிகச் சிறிய துண்டை விட ஃபஸ் நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். நான் 0.05இல் ஆரம்பிப்பேன்.

முதலில் OVERKILL. அந்தப் பெட்டியில் லேயரையும் நிறத்தையும் கண்டுகொள்ளாதே என்று டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வேறு லேயரில் இருக்கும் நகலை அது நகலாகவே எண்ணாது. அப்புறம் இது, ALL அடுத்த காலி வரி வெறும் என்டர்:

```
PEDIT
M
ALL

Y
J
0.05
```

இன்னொரு என்டர் தட்டி PEDITஐ முடித்ததும் QSELECT போட்டு, பாலிலைனில் Closed = No எத்தனை என்று பாருங்கள்.

காரைக்குடி ரவுட்டர்காரன்

இரவு உட்கார்ந்து பார்த்தேன். ஃபைலில் மொத்தம் 1,846 பொருள்கள் இருந்தன. லேயர் டிக் இல்லாமல் OVERKILL போட்டபோது 40 தான் போனது. லேயரைக் கண்டுகொள்ளாதே என்றதும் 611 போனது! தாமரை இரண்டுக்கும் நகல் வேறு லேயரில் ஒளிந்துகொண்டிருந்தது. PEDITக்குப் பிறகும் ஒன்பது மூடவில்லை. 0.2 கொடுத்ததில் ஐந்து மூடியது, நான்கு அப்படியே நிற்கிறது. ஜூம் பண்ணினால் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கிற மாதிரிதான் தெரிகிறது.

டிராயிங் டேபிள்

இனி ஃபஸ்ஸை ஏற்றாதீர்கள், கையால் பாருங்கள். அந்த ஓட்டை முழுதாகத் திரையில் தெரியும்படி வைத்து, உள்பக்கத்தைக் கோடுகளால் நிரப்பும் HATCH போட முயலுங்கள். மூடவில்லை என்று சொல்லிப் பிரிந்த முனைகளில் சிவப்பு வட்டம் காட்டும். அந்த வட்டத்துக்குள் ஜூம் செய்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

சிவகங்கை கேட் பட்டறை

எனக்கு ஒரு தடவை எவ்வளவு ஜூம் செய்தாலும் இடைவெளியே தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு கோட்டின் Z பூஜ்யம், இன்னொன்றின் Z 3. மேலிருந்து பார்க்கும்போது தொடுகிற மாதிரி, உண்மையில் ஒன்று மாடியில் ஒன்று தரையில். FLATTEN போட்ட பிறகுதான் ஒட்டியது. அன்றைக்கு ஒரு முழு ஷீட் போச்சு, பார்ட்டி இன்றைக்கும் திட்டுகிறார்.

காரைக்குடி ரவுட்டர்காரன்

நன்றி அண்ணே, ஒன்று சரியாக அதேதான், Z. இரண்டில் 0.3, 0.4 மில்லி இடைவெளி, முனையை இழுத்து ஒட்டினேன். கடைசி ஒன்று இலை நுனி, 1.3 மில்லி கோடே இல்லை. தேய்த்தபோது பென்சில் அங்கே பதியவில்லை போல. மறுபடி ஆச்சி வீட்டுக்குப் போய் ஏணி போட்டு ஏறிப் பார்த்துவிட்டு வந்து வரைந்தேன்.

இப்போது ஓட்டை 36, தாமரை 6, வெளிச்சட்டம் 1, மொத்தம் 43. QSELECT கணக்கும் மூடியவை 43, மூடாதவை 0. தேக்கைத் தொடாமல் முதலில் எம்டிஎஃப் பலகையில் வெட்டிப் பார்த்தேன். தாமரை 90.

பள்ளத்தூர் லேசர்

சரி, இலைக்கு 1 அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் OVERKILL போட்டால் எல்லா இரட்டைக் கோடும் போய்விடும் என்பதில் மாற்றமில்லை.

டிராயிங் டேபிள்

போகாது தம்பி. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்திருந்தால்தான் போகும். ஸ்கேனை ட்ரேஸ் செய்யும்போது பென்சில் கோட்டின் இரண்டு ஓரத்தையும் தனித்தனிக் கோடாக எடுத்திருந்தால், நடுவில் 0.7 மில்லி இருக்கும். OVERKILLக்கு அவை இரண்டு வேறு கோடுகள். ரவுட்டர்காரரே, உங்கள் ஓட்டைகள் எல்லாம் ஒற்றைக் கோடுதானா?

காரைக்குடி ரவுட்டர்காரன்

ஒற்றைக் கோடுதான். ஆனால் எந்த ஓரத்தை டிசைனர் வைத்துக்கொண்டார் என்று கேட்கவில்லை. எம்டிஎஃப் துண்டைப் பழைய பலகையின் மேல் வைத்துப் பார்த்தபோது இலைகள் கொஞ்சம் பருத்த மாதிரித் தெரிந்தது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீட்டு இலை இல்லையே" என்றார்கள்.

டிராயிங் டேபிள்

0.7 என்றால் ஒரு பக்கத்துக்கு 0.35 உள்ளே ஆஃப்செட் செய்தால் நடுக்கோடு வரும்.

தேவகோட்டை ஆசாரி

அந்தப் பழைய பலகை கையால் வெட்டியது. இந்தப் பக்க இலையும் அந்தப் பக்க இலையும் அதிலேயே ஒன்றாக இருக்காது. எந்த இலையைத் தேய்த்து எடுத்தீர்கள்?

காரைக்குடி ரவுட்டர்காரன்

இடது பக்கத்தை மட்டும் ஐயா. வலது பக்கம் மிரர் போட்டது.