அவசரமாகப் போட்ட முதல் மாத்திரை

பாலக்கோட்டு அண்ணன்:
தம்பிக்கு 26 வயது. மாங்கூழ் ஆலையில் மூட்டை தூக்கித் தோள் வலி வந்தது. அதற்காக டேபெண்டடால் மாத்திரை போட ஆரம்பித்தவன், ஒன்றரை வருடத்தில் அதைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டான். அந்தப் பழக்கத்தை விடவைக்கும் புப்ரினார்பின் சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். கடைசியாக எப்போது எடுத்தாய் என்று கேட்டதற்கு, நேற்று இரவு என்றான். உண்மையில் அன்று விடியற்காலை பஸ் ஏறும் முன்புதான் எடுத்திருக்கிறான். ஒன்பதரைக்கு 2 மில்லிகிராம் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தார்கள். பத்தரைக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு. கை முழுக்கப் புல்லரித்து பெஞ்சில் சுருண்டுவிட்டான். மருந்தே விஷம் என்று அம்மா அழுதார்.

முருகேசன், தர்மபுரி:
அந்த மாத்திரையில் போதையை முறிக்கும் நலாக்சோன் என்ற மருந்து கலந்திருக்கும். அதுதான் வாந்தியை வரவைத்திருக்கும்.

செல்வராணி, செவிலியர்:
கலந்திருப்பது உண்மைதான். ஆனால் நாக்கடியில் வைத்தால் நலாக்சோன் ரத்தத்தில் பெரிதாகச் சேராது. கரைத்து ஊசி போடுபவர்களைத் தடுக்கவே அதைச் சேர்க்கிறார்கள். இங்கே வேலையைக் காட்டியது புப்ரினார்பின். மூளையில் டேபெண்டடால் பிடித்திருக்கும் இடத்தை அது பிடுங்கிக்கொண்டு, தான் பாதி வேகத்தில்தான் வேலை செய்யும். உடம்பு ஒரேயடியாகப் பள்ளத்தில் விழும். அதனால்தான் பழைய மாத்திரை இறங்கிவிட்டதைக் காட்டும் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, விரிந்த கண்பாவை எல்லாம் தெரியும்வரை காத்திருப்போம். தம்பி சொன்ன நேரத்தை மட்டும் நம்பாமல் அவன் கண்ணையும் பார்த்திருக்க வேண்டும்.

லோகநாதன், ஓசூர்:
அப்பா தினமும் குடிக்கிறார். அவருக்கும் இதைக் கொடுக்கலாமா?

செல்வராணி:
கூடாது. இது குடிக்கான மருந்தே அல்ல. மதுவோடு சேர்ந்தால் மூச்சை அடக்கிவிடும்.

லாரிக்காரர் மைத்துனன்:
என் மாமா வடக்கே பிரவுன் சுகருக்கு அடிமையாகி, மெத்தடோன் சிகிச்சையில் இருந்தார். தினமும் செவிலியர் எதிரிலேயே சிரப்பைக் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள், இது போதவில்லை என்று வெளியே பிரவுன் சுகரும் எடுத்திருக்கிறார். மெத்தடோன் உடம்பில் மெல்லச் சேர்ந்துகொண்டே போகுமாம். உதடு நீலமாகிக் கிடந்தவரை ஊசி போட்டு எழுப்பினார்கள்.

பாலக்கோட்டு அண்ணன்:
நாங்கள் மறுநாள் காலை மீண்டும் போனோம். இந்த முறை உண்மையைச் சொன்னான். கொட்டாவி வந்த பிறகே 2 மில்லிகிராம் கொடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2. ஒரு வாரத்தில் 8 மில்லிகிராமில் நின்றது. இப்போது நான்காம் மாதம். போதை எதுவும் இல்லை என்கிறான், இரவில் தூங்குகிறான், ஷிப்டுக்குப் போகிறான்.

முருகேசன்:
ஒரு மாத்திரையை விட்டு இன்னொன்றுக்கு அடிமை. எப்போது நிறுத்துவது?

செல்வராணி:
ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்திரை தேடி ஓடியவன் இப்போது நாளுக்கு ஒன்று போடுகிறான். அவசரப்பட்டு நிறுத்திவிட்டுப் பழைய அளவில் ஊசி போட்டால், தாங்கும் சக்தி குறைந்த உடம்பில் மூச்சு நின்றுவிடும். சிலருக்கு வருடக்கணக்கில் தேவைப்படுகிறது. உங்கள் தம்பிக்கு எவ்வளவு காலம் என்று என்னால் சொல்ல முடியாது.

பாலக்கோட்டு அண்ணன்:
மாத்திரை கரையும்வரை பேசவோ விழுங்கவோ கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பத்து நிமிடம் பார்த்துத்தான் அம்மா அவனிடம் இட்லி எத்தனை வேண்டும் என்று கேட்கிறார். அவன் விரலைக் காட்டுகிறான்.