மரிக்கொழுந்தால் வந்த வினை

(குடும்பக் குழு: பாம்பன் சொந்தங்கள்)

கயல்: மதினி, ஓய்வா? நம் கடல்பாசிக் கணக்கு போகிற வெளிநாட்டு டீமுக்குப் போன வார மெயிலில் இந்த வாரம் marikozhunthu வரத்து குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டேன். அங்கே ஒருவர் நெட்டில் தேடியிருக்கிறார், பூக்கடையில் கதம்பத்தோடு கட்டும் வாசனைச் செடியின் படம் வந்திருக்கிறது, இது கடலுக்குள் எப்படி வளர்கிறது என்று எல்லோருக்கும் காப்பி போட்டுக் கேட்கிறார் 🤦‍♀️

ராஜி அத்தை: அடிப்பாவி. நாங்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி கடலுக்குள் பாறையில் ஒட்டிக் கிடக்கும், கையில் பட்டால் சொரசொரவென்று இருக்கும். அதில்தானே அகர் எடுக்கிறார்கள். தலையில் வைத்தால் கரிக்கும்டி.

முருகேசன் சித்தப்பா: தமிழ்ப் பெயரை ஏன் விட வேண்டும்? அவர்கள் கற்றுக்கொள்ளட்டும். கட்டுமரத்தையே அவன் கேட்டமரான் என்று எடுத்துக்கொள்ளவில்லையா?

கயல்: சித்தப்பா, தமிழை விடுவதா என்று நான் கேட்கவில்லை. மெயிலில் என்ன எழுதுவது என்றுதான் கேட்கிறேன்.

தேன்மொழி: இப்போதுதான் பார்த்தேன். கயல், அந்தச் சொல்லை வைத்து அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று முதலில் யோசி. பாசியின் பெயரை அவர்கள் பழைய அறிக்கையோடு ஒப்பிடுவார்கள், கணக்கில் ஏற்றுவார்கள். அதற்கு ஜெலிடியெல்லா அசரோசா என்ற அறிவியல் பெயர் இருக்கிறது, உலகத்தில் எங்கே தேடினாலும் அதே பாசிதான் வரும். மெயிலில் அதையே எழுது. ஆனால் நீ அனுப்பும் நோட்டுப் படத்தில் அம்மா கையால் மரிக்கொழுந்து என்றுதானே இருக்கும்? அதனால் முதல் தடவை மட்டும், இங்குள்ள பெண்கள் இதை marikozhunthu என்பார்கள், அதே பெயரில் ஒரு வாசனைச் செடியும் உண்டு, இது அது இல்லை என்று அதே வரியில் சொல்லிவிடு.

செல்வம் மாமா: நான் துபாயில் இருபது வருஷமாக மெயில் எழுதுகிறேன், ஒரே வழிதான், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டுவிட வேண்டும். ஒரு தடவை 3.5 lakh என்று எழுதிவிட்டேன், எதிர்ப்பக்கம் இருந்தவர் lakh என்பதைக் கரன்சி என்று நினைத்துக்கொண்டார். அதிலிருந்து 350,000 தான், கமாவும் அவர்கள் போடும் இடத்தில்தான்.

தேன்மொழி: தொகைக்கு நீங்கள் சொல்வது சரிதான் அப்பா. எல்லாவற்றுக்கும் சரிவராது. கயல், கச்சான் காற்றுக்கு என்ன போட்டாய்?

கயல்: தென்மேற்குப் பருவமழை என்று ஆங்கிலத்தில் போட்டேன். மாமா சொல்கிற மாதிரிதான்.

ராஜி அத்தை: மழையா?? கச்சானில் நமக்கு எங்கேயடி மழை? மழையெல்லாம் ஐப்பசி கார்த்திகையில், வாடைக்கு. கச்சானில் காற்றுதான், தென்கடலில் இறங்க முடியாது, வடகடல் குளம் மாதிரிக் கிடக்கும்.

கயல்: அதுதான் அத்தை சிக்கல். "மழையால் வேலை நின்றதா, காய வைத்த பாசி நனைந்துவிட்டதா" என்று அடுத்த மெயில் வந்தது. பாசி நன்றாகத்தான் காய்ந்தது!

தேன்மொழி: பார்த்தாயா, சொல்லை விட்டாய், விஷயமும் சேர்ந்து போய்விட்டது. ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இருக்கிற மாதிரி தோன்றி, உள்ளே வேறு பொருள் இருந்தால் அங்கே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொள். தென்மேற்கிலிருந்து வீசும் மழையில்லாத பலத்த காற்று, இங்கே kachan என்பார்கள், இந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்க முடியாது, பாக் விரிகுடாப் பக்கம் அமைதி என்று ஒரு தடவை எழுது. அடுத்த மெயிலிலிருந்து kachan போதும். புதிதாக யாராவது காப்பியில் சேர்ந்தால் அந்த வரியைத் திரும்பப் போடு. ஸ்பெல்லிங்கை மட்டும் மாற்றாதே, ஒரு மெயிலில் kachan, இன்னொன்றில் katchan என்றால் அவர்கள் தேடும்போது பாதி மெயில் வராது.

கயல்: அமாவாசை?

தேன்மொழி: அதை விட்டுவிடு. நீர் வற்றுகிறது என்பதுதானே காரணம், ஆங்கிலத்தில் நியூ மூன் என்றாலே அவர்களுக்குப் புரியும். தமிழில் போட்டால் ஏதோ சடங்கு என்று நினைப்பார்கள்.

ராஜி அத்தை: ஆடி அமாவாசைக்கு என்ன செய்வாள்? அன்றைக்கு நீர் நன்றாக வற்றும், ஆனால் எங்களில் பாதிப் பேர் அக்னி தீர்த்தத்துக்குப் போய்விடுவோம். நியூ மூன் என்று எழுதினால், வற்றின நாளில் ஏன் கிலோ குறைந்தது என்று கேட்க மாட்டார்களா?

தேன்மொழி: அம்மா 😄 அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெயரைப் போடாமல், முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் நாள், ஆட்கள் வரவில்லை என்று மட்டும் எழுதலாமோ?

முருகேசன் சித்தப்பா: ஆடி அமாவாசைக்குப் பெயரே போட மாட்டீர்களா! ராமேஸ்வரம் முழுக்கக் கூட்டம் நிற்கிற நாள்.

கயல்: இது மட்டும் பெயரோடு போகட்டும் மதினி, கேட்டால் சொல்லிக்கொள்கிறேன். அத்தை, இந்த வார நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், போன தடவை மாதிரி நனைந்த கையோடு பிடிக்காமல்.