புதுப்பிப்பு: நைட் ஷிஃப்ட் மணிக்கணக்கு

முன்னாடி கேட்டது: "வெள்ள ஹெல்ப்லைன் ஷீட்ல நைட் ஷிஃப்ட் மட்டும் மைனஸ்ல வருது, சர்டிபிகேட்டுக்கு எப்படி மணி எண்றது?"

சரியாயிடுச்சு. ராத்திரி 10க்கு உக்காந்து காலைல 6க்கு எழுந்தா ஷீட்டுக்கு நாள் மாறினது தெரியல, -16னு எடுத்துக்குது, இங்க ஒரு அண்ணா குடுத்தத போட்டதும் 8 வந்துச்சு, B2 உக்காந்த நேரம், C2 எழுந்த நேரம்:

```
=MOD(C2-B2,1)
```

ஆனா மூணு நைட் முழிச்ச பொண்ணுக்கு மொத்தம் 0:00னு காட்டுச்சு பாருங்க, பாவம்! 24 ஆனாலே கடிகாரம் மாதிரி திரும்ப சுத்துது, மொத்தம் வர்ற செல்ல `[h]:mm`னு மாத்தினப்புறம்தான் 24:00 வந்துச்சு.

தேதியும் சேத்து எழுத சொன்னவங்க பாதி சரி, தூக்கக் கலக்கத்துல பசங்க நேத்து தேதியே போடுறாங்க.

அடுத்த ஷிஃப்ட்டுக்கு கேஸ் ஒப்படைக்கிற 15 நிமிஷம் ரெண்டு பேருக்கும் கணக்கா? இன்னும் சண்டைதான்.