வசூல் ஏஜென்ட் மீது நான் எழுதிய இரண்டு புகார்கள்: முதலாவது ஏன் தோற்றது

ரேவதி, திருப்பூர்

அம்மாவின் ஆபரேஷனுக்காக ஒரு நிதி நிறுவனத்தில் தனிநபர் கடன் வாங்கினேன். ஒன்றரை லட்சம். பதினான்கு தவணை ஒழுங்காகக் கட்டிய பிறகு, பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்து இரண்டு மாதம் சம்பளம் பாதியானது. இரண்டு தவணை நின்றது. அதற்குப் பிறகு வந்த போன்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதல் அழைப்பு காலை 6.52. அன்று மட்டும் பதினோரு முறை. கடைசி அழைப்பு இரவு 9.40. நான் எடுக்காவிட்டால் மாமனாருக்கு. “உங்க மருமக ஊரை ஏமாத்திட்டுத் திரியறா, நாளைக்கு வாசல்ல வந்து நின்னு தெருவுக்கே சொல்றேன்” என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். கடன் வாங்கும்போது அவருடைய நம்பரைக் கொடுத்திருந்தேன். ஜாமீன்தாரராக அல்ல, அவசரத் தொடர்புக்காக.

கோபத்தில் அன்று இரவே நிறுவனத்துக்கு மூன்று பக்க மின்னஞ்சல் அனுப்பினேன். அம்மா உடம்பு, கம்பெனி நிலைமை, நான் எப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் என்பது எல்லாம் அதில் இருந்தது. அழைப்பு வந்த நம்பர் மட்டும் இல்லை! ஒன்பதாம் நாள் பதில் வந்தது: ‘எங்கள் பதிவின்படி அன்று காலை 11 மணிக்கு ஒரே ஒரு அழைப்புதான் செய்யப்பட்டுள்ளது, அதில் முறையற்ற பேச்சு இல்லை.’

அவர்கள் சொன்னது ஒரு வகையில் உண்மை. ஏஜென்சியின் நம்பரிலிருந்து ஒரு அழைப்புதான் வந்தது. மற்ற பத்தும் அவனுடைய சொந்த சிம்மிலிருந்து. அதற்கு அவர்களிடம் பதிவே இருக்காது.

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். அழுகை இல்லை. அதிலிருந்து ஒரு பகுதியைத் தருகிறேன்:

“இந்த எண்ணிலிருந்து 2024 ஜூன் 12 அன்று 6.52, 7.10, 19.45, 21.40 ஆகிய நேரங்களில் எனக்கு அழைப்பு வந்தது. 20.05க்கு என் மாமனாருக்கு வந்தது. கால் லாக் ஸ்க்ரீன்ஷாட் இணைத்துள்ளேன். இவர் உங்கள் ஏஜென்ட் இல்லை என்றால், 20.11க்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் என் கடன் கணக்கு எண்ணும் நிலுவைத் தொகையும் பைசா சுத்தமாக இருப்பது எப்படி? இவர் உங்கள் ஏஜென்ட் என்றால், என் கடனை இவரிடம் ஒப்படைத்ததை எந்தத் தேதியில் எனக்குத் தெரிவித்தீர்கள்?”

கீழே மூன்று கோரிக்கை வைத்தேன். இந்த ஆளை என் கணக்கிலிருந்து நீக்க வேண்டும், மாமனாரின் எண்ணை அழிக்க வேண்டும், எழுத்தில் மன்னிப்பு வேண்டும். நிலுவையைக் கட்டும் தேதியையும் நானே எழுதினேன். ‘கட்டாமல் தப்பிக்கப் புகார் கொடுக்கிறாள்’ என்று சொல்ல இடம் வைக்கக்கூடாது அல்லவா.

‘ஏஜென்சிக்கு அறிவுறுத்தியுள்ளோம்’ என்று ஒற்றை வரி வந்தது. அந்தப் பதிலையும் சேர்த்து cms.rbi.org.in தளத்தில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனுக்குப் புகார் போட்டேன். அதன் பிறகுதான் நிறுவனத்தின் மேலதிகாரி ஒருவர் ‘மேடம்’ போட்டுப் பேசினார்.

செந்தில், மதுரை

இவ்வளவு கடிதப் போக்குவரத்து எதற்கு? நேராக ரிசர்வ் வங்கிக்குப் போட்டுவிட வேண்டும். இரவு ஏழு மணிக்கு மேல் போன் செய்தாலே ஜாமீனில் வர முடியாத குற்றம். போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

செந்தில் தம்பி, பாதிதான் சரி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது என்பது 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில் இருக்கிறது. குடும்பத்தார், நண்பர்களிடம் அவமானப்படுத்துவதும், திரும்பத் திரும்ப அழைப்பதும், மிரட்டுவதும் அதே சுற்றறிக்கையில் தடை. ஆனால் அது கடன் கொடுத்தவருக்கான விதி. நேரம் தவறி அழைத்ததற்காகப் போலீஸ் யாரையும் பிடிக்காது. ‘வாசலில் வந்து நிற்பேன், பார்த்துக்கொள்’ என்ற மிரட்டல் வேறு. அதற்கு ஸ்டேஷனில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நேராக ஆம்புட்ஸ்மேனுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும். 30 நாள் பதில் இல்லை என்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லை என்றாலோதான் மேலே போகலாம். ரேவதியம்மாவுக்குப் பதில் வந்துவிட்டதால் 30 நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வக்கீல் மூலம் புகார் போட்டாலும் ஏற்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வக்கீலுக்குப் பணம் கொடுத்துப் போட்டு, அதனாலேயே திரும்பி வந்தது.

ஏஜென்ட் தப்பு செய்தால் ‘அது வெளி ஏஜென்சி’ என்று நிறுவனம் கைகழுவ முடியாது. ஏஜென்ட்டின் செயலுக்கு அவர்களே பொறுப்பு. கணக்கு எண் கேள்வியில் இந்தம்மா பிடித்த பிடி அதுதான். நான் புகார் மேஜையில் உட்கார்ந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம் வந்திருந்தால் எனக்கே வியர்த்திருக்கும்.

முத்துலட்சுமி, விருதுநகர் பக்கம்

எங்க குழுக் கடனில் கதையே வேறு. போன் இல்லை, ஆளே வந்துவிடுவார். தவணை நாளில் ஒருத்தி கட்டவில்லை என்றால் இரவு எட்டரை வரை மற்ற ஒன்பது பேரையும் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார். கட்டாதவளை நாங்களே திட்ட வேண்டும். அதுதான் அவருடைய வழி. அவர் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வராது. இதை எப்படிப் புகாராக எழுதுவது?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

அக்கா, நுண்கடனுக்கு நேரம் இன்னும் குறைவு. காலை 9 முதல் மாலை 6 வரைதான். வசூல் இடமும் இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்ததாக இருக்க வேண்டும். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். எட்டரை மணி என்பதே போதும். தேதி, நேரம், யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

முத்துலட்சுமி, விருதுநகர் பக்கம்

கையெழுத்துப் போட்டால் அடுத்த கடன் கிடைக்காது என்று பயப்படுகிறார்கள். கேட்டுப் பார்க்கிறேன்.

கார்த்திக்

எனக்கும் மூன்று தவணை நிற்கிறது. இப்படிப் புகார் போட்டால் கடன் தள்ளுபடியாகுமா? ஆம்புட்ஸ்மேன் எத்தனை சதவீதம் குறைப்பார்?

ரேவதி, திருப்பூர்

தம்பி, நிலுவையில் ஒரு ரூபாய்கூட எனக்குக் குறையவில்லை. சிபில் மதிப்பெண்ணும் விழுந்ததுதான். புகார் அவன் பேசிய பேச்சுக்கு, கடனுக்கு அல்ல. அந்த இரண்டு தவணையை மூன்று மாதத்தில் பிரித்துக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். அதுவும் நிறுவனத்தோடு பேசி வந்த சமரசம்.

அக்டோபரில் முடிந்தது. மன்னிப்புக் கடிதம் வந்தது, அந்த ஆளை என் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்றும் இருந்தது. வேலையிலிருந்து எடுத்தார்களா, வேறு யாருடைய கணக்குக்கு மாற்றினார்களா, தெரியாது.

மாமனார்தான் இன்னும் சமாதானமாகவில்லை. “என்னைத் திட்டினதுக்கு உனக்கு ஏன் மன்னிப்புக் கடிதம் வருது?” என்கிறார். கடன் வாங்காதவர் தன் பெயரில் தனியாகப் புகார் போட முடியுமா, ஐயா?

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கோவை

நிறுவனத்துக்கு அவர் பெயரில் எழுதலாம், தடை இல்லை. ஆம்புட்ஸ்மேன் ஏற்பாரா என்பதில் எனக்குச் சந்தேகம், அவர் வாடிக்கையாளர் இல்லையே. போலீஸ் மனு என்றால் திட்டு வாங்கியவர் அவர்தான், அவரே கொடுக்கலாம். அவருடைய போனில் அந்த 20.05 அழைப்பு இன்னும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ரேவதி, திருப்பூர்

பட்டன் போன் ஐயா. கடைசி இருபது அழைப்புகள்தான் நிற்கும். என்னுடைய ஸ்க்ரீன்ஷாட்டில் இருப்பது அவர் போனை நான் அன்றிரவு எடுத்த போட்டோ.