பாலிஹவுஸ் இன்சூரன்ஸ்: புயலுக்கு முன் ஷீட்டை அறுத்தால் கிளைம் வருமா?

வணக்கம். தஞ்சாவூர் பக்கம் 1000 சதுர மீட்டர் பாலிஹவுஸ், உள்ளே வெள்ளரி. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாலிசி புதுப்பிக்க வேண்டும். இரண்டு இடத்தில் உங்கள் அனுபவம் தேவை.

ஒன்று, தொகை. மானியம் போக மீதிக்குத்தான் பேங்க் கடன் என்பதால் பாலிசியும் அந்த 8 லட்சத்துக்கே போட்டிருக்கிறது. திரும்பக் கட்ட 12 லட்சம் ஆகும். குறைவாகக் காப்பீடு செய்தால் இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும்: 3 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான், அதிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு கழியும். இடையில் தொகையை உயர்த்த பேங்க் சம்மதித்ததா?

இரண்டாவதுதான் பெரிய குழப்பம். காற்று உள்ளே புகுந்து கூரையைத் தூக்கினால் ஷீட்டோடு பைப்பும் அஸ்திவாரமும் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் கடைசி நேரத்தில் ஷீட்டை அறுத்துவிடுவது வழக்கம், பைப் சட்டமாவது தப்பும். ஆனால் சர்வேயர் அதை 'நீங்களே கிழித்தது' என்பாரா, நஷ்டத்தைக் குறைக்கச் செய்தது என்று ஏற்பாரா? அறுத்த பின் மழையில் அழுகும் வெள்ளரிக்கு, பயிருக்கும் சேர்த்துப் போட்ட பாலிசியில் பணம் கிடைத்ததா? (பூ போட்டவர்களும் சொல்லுங்கள்.) அறுக்கும் முன் எடுத்த வீடியோ, வானிலை எச்சரிக்கை, கம்பெனிக்கு அனுப்பிய மெயில், இதில் எது கைகொடுத்தது?

பாலிசியில் ஷீட்டை அறுப்பது பற்றிய ஷரத்து உள்ளவர்கள், பெயர், எண்ணை மறைத்து அந்தப் பக்கத்தை மட்டும் போடுங்கள்.