37 பேர் இருந்த இடத்தில் 29 பேர்: அட்வான்ஸ் வீடியோவின் ரிட்டென்ஷன் கிராஃப் சொன்னது

அல்சூர்வாசி (பெங்களூரு)

வேலைக்காகப் பெங்களூரு வரும் நம்ம ஊர் ஆட்களுக்கு வாடகை வீடு பற்றி வீடியோ போடுகிறேன். வீட்டைக் காலி செய்யும்போது அட்வான்ஸைக் குறையாமல் வாங்குவது எப்படி என்று போன வருடம் ஒன்று போட்டேன். மொத்தம் 9 நிமிடம் 40 விநாடி. பார்த்தவர்கள் சராசரியாக 3 நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். காசைக் காப்பாற்றுகிற விஷயம் எல்லாம் ஆறாவது நிமிடத்துக்கு அப்புறம்தான் வருகிறது. அதைக் கேட்காமலே போனவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யூடியூப் ஸ்டுடியோவில், ஒவ்வொரு விநாடியிலும் 100க்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கோடாகக் காட்டும் ரிட்டென்ஷன் கிராஃபைத் திறந்து, பக்கத்தில் ஸ்கிரிப்டை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோடு வளைகிற ஒவ்வொரு இடத்திலும் அந்த விநாடியில் என்ன பேசுகிறேன் என்று ஓரத்தில் குறித்தேன்.

30வது விநாடியில் 100க்கு 48 பேர்தான் மிச்சம். அதுவரை வணக்கம், வரவேற்பு, இந்த வீடியோவை ஏன் போடுகிறேன் என்ற விளக்கம், இவ்வளவுதான் பேசியிருந்தேன். இதை ஓரளவு எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காத சரிவு 3வது நிமிடத்தில் இருந்தது. பதினைந்து விநாடிக்குள் 37 என்பது 29 ஆனது. அப்புறம் அந்த உயரத்துக்குத் திரும்பவே இல்லை.

அந்த இடத்தில் திரையில் ஒப்பந்தத்தின் முதல் பக்கம் ஓடுகிறது. படம் மங்கலாக இருப்பதால் போகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பத்து விநாடி பின்னால் போய்க் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 2:50ல் நான் சொன்னது இது: “அதுக்கு முன்னாடி, வாடகை ஒப்பந்தம்னா என்னன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.” அட்வான்ஸுக்காக மூன்று நிமிடம் காத்திருந்தவரிடம் இன்னும் காத்திரு என்கிறேன். காரணம் அந்த வாக்கியம். படத்தில் குறை இல்லை.

6:20ல் கோடு கொஞ்சம் மேலே எழும்பியது. “காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்ளப்படும்” என்ற ஒப்பந்த வரியைத் திரையில் காட்டியது அங்கேதான். நிறைய பேர் பின்னால் இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள்.

புதிதாக எழுதும்போது அந்த வரியை முதல் விநாடிக்குக் கொண்டு வந்தேன்: “சாவியைக் கொடுத்த அன்னைக்கு ஓனர் ஒரு மாச வாடகையைப் பிடிச்சுட்டார். ஒப்பந்தத்துல இருந்த இந்த ஒரு வரிதான் காரணம்.” வரவேற்பை எடுத்துவிட்டேன். ஓராண்டுக்கு மேல் போனால் பதிவு கட்டாயம், அதனால்தான் 11 மாதம் என்று போடுகிறார்கள் என்ற விளக்கம் பழையதில் இரண்டரை நிமிடம் ஓடியது. அது 25 விநாடியாகச் சுருங்கி, கையெழுத்து போடும் கட்டத்துக்குப் போனது. மொத்தம் 6 நிமிடம் 30 விநாடி. தனி வீடியோவாகவே போட்டேன்.

இப்போது 30வது விநாடியில் 67 பேர். 3வது நிமிடத்தில் திடீர் சரிவு இல்லை. ஆனால் 1:10ல் புதிதாக ஒரு சரிவு வந்திருக்கிறது. பெயிண்டிங் வரிக்கு என்ன செய்வது என்று சொல்லி முடிக்கும் இடம் அது. இதை எப்படி எடுத்துக்கொள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் ஷார்ட்ஸ்

சார், எல்லாமே முதல் 30 விநாடிதான். அது நன்றாக இருந்தால் மிச்சம் தானாக வரும். நான் மூச்சு விடுகிற இடைவெளியைக்கூட வெட்டிவிடுவேன். பழைய வீடியோவை விட்டுத் தள்ளுங்கள், போட்டதை இனி தொடவே முடியாது.

கே.ஆர்.புரம் எடிட்டர்

தம்பி, முதல் 30 விநாடி முக்கியம்தான். ஆனால் அவர் 30ஐத் தாண்டி உட்கார்ந்திருந்தவர்களையும் 3வது நிமிடத்தில் இழந்திருக்கிறார். 37ல் 8 பேர் என்றால் ஐந்தில் ஒருவர். கிராஃபில் சின்னப் பள்ளமாகத் தெரியும், ஏனென்றால் உயரம் ஆரம்பக் கூட்டத்தை வைத்துப் போடப்படுகிறது. இருந்தவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று கணக்குப் போட்டால்தான் அதன் கனம் தெரியும்.

பழையதைத் தொடவே முடியாது என்பதும் சரியில்லை. ஸ்டுடியோ எடிட்டரில் நடுவில் உள்ள பகுதியை வெட்டலாம். லிங்க், வியூஸ் அப்படியே இருக்கும். புதிதாகச் சேர்க்கவோ மாற்றிப் பேசவோதான் முடியாது. அல்சூர் சார், பழையதில் 2:50லிருந்து அந்த ஒப்பந்த விளக்கத்தை வெட்டிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் பேச்சு ஒட்டுகிறதா என்று மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள், ஏற்கெனவே பார்ப்பவர்கள் என்று கோட்டைப் பிரித்துப் பாருங்கள். நான் எடிட் செய்த ஒரு சேனலில் வரவேற்புப் பேச்சின்போது பழைய ஆட்கள் கிளம்பவே இல்லை. புதியவர்கள்தான் கொத்தாகப் போனார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது இது தெரியவில்லை.

மாட்டுங்கா மாமி (மும்பை)

எனக்கு சமையல் சேனல். வெங்காயம் வதக்கும் இடத்தில் எப்போதும் பள்ளம் விழும், உடனே பழைய உயரத்துக்கே வந்துவிடும். போனவர்கள் திரும்ப வருகிறார்களா? அளவு சொல்லும் இடத்தில் மட்டும் கோடு நன்றாக உயர்கிறது. அது என் பலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கே.ஆர்.புரம் எடிட்டர்

மாமி, விழுந்து திரும்ப ஏறினால் அவர்கள் போகவில்லை, வதக்குவதைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள். விழுந்து அப்படியே கிடந்தால்தான் போனது. அதனால் உங்கள் இடத்தில் ஸ்கிரிப்டை மாற்ற வேண்டாம், வதக்குவதைப் பத்து விநாடியாகக் குறைத்தால் போதும்.

அளவு சொல்லும் இடம் பிடித்துப் போயும் உயரலாம். வேகமாகச் சொல்வதால் எழுதிக்கொள்ளப் பின்னால் இழுத்தாலும் உயரும். கமென்டில் “எத்தனை ஸ்பூன்?” என்று கேட்கிறார்களா?

மாட்டுங்கா மாமி

நிறைய பேர் கேட்கிறார்கள். பெருங்காயத்துக்கு நான் “கொஞ்சம்” என்றுதான் சொல்கிறேன். அடுத்ததில் அளவைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடுகிறேன்.

ஒயிட்ஃபீல்டு புதுமுகம்

எனக்கும் இதே பிரச்சினைதான், மாதம் இருபது சப்ஸ்கிரைபர் குறைகிறார்கள். என்ன செய்யலாம்?

கே.ஆர்.புரம் எடிட்டர்

அது வேறு கணக்கு, இந்த கிராஃபில் வராது. தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

அல்சூர் சார், உங்கள் 1:10க்கு வருகிறேன். அங்கே என்ன வாக்கியத்தோடு முடித்தீர்கள்?

அல்சூர்வாசி

“அவ்வளவுதாங்க, இதை மட்டும் செஞ்சா போதும். அடுத்து நோட்டீஸ் கொடுக்கறதைப் பார்ப்போம்.”

கே.ஆர்.புரம் எடிட்டர்

“அவ்வளவுதாங்க” என்றால் எழுந்து போகத்தான் செய்வார்கள். பெயிண்டிங் பணம் தப்பினாலும் நோட்டீஸை வாய்மொழியாகச் சொன்னால் இன்னொரு மாத வாடகை போகலாம் என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டியிருக்க வேண்டும்.

சிவாஜிநகர் ஷார்ட்ஸ்

ஆனால் அண்ணா, விடையை முதலிலேயே கொடுத்ததுதான் தப்பு என்று எனக்குப் படுகிறது. கடைசியில் வைத்திருந்தால் இருந்திருப்பார்கள். அவர் சராசரி எவ்வளவு கூடியது என்று கேளுங்கள்.

அல்சூர்வாசி

3 நிமிடம் 1 விநாடி இருந்தது 3:07 ஆகியிருக்கிறது. நிமிடக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. வீடியோ சின்னதாகிவிட்டதால் சதவீதம் மட்டும் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள் என்று சொல்லும் இடத்தில் முன்பு 100க்கு 21 பேர் இருந்தார்கள், இப்போது 39 பேர். எனக்கு அந்த எண் போதும்.

விடையை மறைத்து வைப்பதில் மனசு ஒப்பவில்லை தம்பி. ஆனால் நீங்கள் சொல்வதையும் தள்ள முடியவில்லை. அடுத்து பிஜி அட்வான்ஸ் பற்றி எழுதுகிறேன். விடை முதலில்தான் வரும், “அவ்வளவுதாங்க” மட்டும் இருக்காது. கிராஃப் வர ஓரிரு நாள் ஆகும், வந்ததும் இங்கே போடுகிறேன்.