செமிவேரியோகிராம் ஏறிவிட்டு மறுபடியும் இறங்குகிறது: இந்த மண் தரவுக்குக் கிரிகிங் பொருந்துமா?

கயல்விழி

வணக்கம். என் ஆய்வுக்கான மண் மாதிரிகள் வருவதற்கு முன், R மென்பொருளில் கிடைக்கும் `meuse` தரவை வைத்து, மாதிரி எடுக்காத இடங்களின் மதிப்பைச் சுற்றியுள்ள மாதிரிகளிலிருந்து கணிக்கும் கிரிகிங் முறையைப் பழகுகிறேன். நெதர்லாந்தில் ஸ்டைன் என்ற ஊருக்கு அருகே, மியூஸ் ஆற்றின் வெள்ளச் சமவெளியில் 155 இடங்களில் எடுத்த மேல்மண் அது. நான் பார்ப்பது துத்தநாகம். மதிப்புகள் 113 முதல் 1839 பிபிஎம் வரை சிதறிக் கிடப்பதால் லாக் எடுத்துக்கொண்டேன்.

```r
library(sp); library(gstat)
data(meuse); coordinates(meuse) <- ~x+y
v <- variogram(log(zinc) ~ 1, meuse)
fit.variogram(v, vgm(1, "Sph", 900, 1))
```

வந்த விடை:

```
  model      psill    range
1   Nug 0.05066243   0.0000
2   Sph 0.59060780 897.0209
```

மாதிரி ஜோடிகளின் வேறுபாட்டை இடைத்தூரத்துக்கு எதிராகக் காட்டும் செமிவேரியோகிராம் படத்தில் முதல் புள்ளி 79 மீட்டரில் 0.12. அங்கிருந்து சீராக ஏறி, 1118 மீட்டரில் 0.70-ஐத் தொடுகிறது. அதன்பின் இறங்கத் தொடங்கி, கடைசிப் புள்ளியான 1543 மீட்டரில் 0.57-க்கு வந்துவிடுகிறது. தூரம் கூடக்கூட வேறுபாடு கூடவேண்டும் என்றுதானே படித்தோம்? இந்த இறக்கத்தைப் பொருட்படுத்தாமல் கிரிகிங் செய்துவிடலாமா?

பாண்டியன்

செய்யலாம் தங்கையே. தூரம் சுழியை நெருங்கும்போதும் மிஞ்சும் வேறுபாடான நக்கெட்டை, வளைவின் மொத்த உயரத்தால் வகுத்துப் பாருங்கள்: 0.05-ஐ 0.64-ஆல் வகுத்தால் சுமார் 8 விழுக்காடு. 25-க்குக் கீழே இருந்தால் இடச்சார்பு வலுவானது என்று ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். கடைசிப் புள்ளிகளில் ஜோடிகள் குறைவாக இருக்கும், நம்ப வேண்டாம். `cutoff = 1000` கொடுத்தால் இறக்கமே தெரியாது. லாக் எடுத்ததும் சரி, ஏனென்றால் கிரிகிங்குக்குத் தரவு இயல்நிலைப் பரவலில் இருந்தே ஆகவேண்டும்.

ராகவன்

பாண்டியன் சொன்னதில் பாதி சரி. ஆனால் ஜோடிகளின் எண்ணிக்கையை `v$np` போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுவோம். கடைசிக் கட்டத்தில் 415 ஜோடிகள் இருக்கின்றன. 57 ஜோடிகளோடு நிற்பது முதல் கட்டம்தான். சந்தேகப்பட வேண்டிய முனை இடதுபக்கம் இருக்கிறது. நக்கெட் எங்கே வெட்டும் என்பதைத் தீர்மானிப்பதும் அந்தப் பக்கம்தான்.

இறக்கத்துக்கு வேறு காரணம் உண்டு. இந்த நிலம் ஆற்றை ஒட்டிய நீளமான பட்டை. வெள்ளம் கொண்டுவந்த துத்தநாகம் கரையோரத்தில் மிகுதியாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் படிந்திருக்கிறது. சில நூறு மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு மாதிரிகளில் ஒன்று கரையிலும் மற்றொன்று உள்ளேயும் இருக்கலாம், அதனால் வேறுபாடு பெரிதாகிறது. 1500 மீட்டர் தள்ளியிருக்கும் ஜோடிகளோ பெரும்பாலும் ஆற்றின் நெடுக்கில்தான் கிடைக்கும். இரண்டுமே கரையோரமாக இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் மதிப்புகள் மறுபடியும் நெருங்கிவிடுகின்றன. `cutoff`-ஐக் குறைத்தால் இறக்கம் கண்ணில் படாது, ஆனால் அதன் காரணம் தரவில் அப்படியே இருக்கும்.

தரவில் `dist` என்று ஒரு நிரல் இருக்கிறது. ஆற்றிலிருந்து உள்ள தூரத்தை 0 முதல் 1 வரைக்குள் அடக்கிக் கொடுத்தது. `log(zinc) ~ sqrt(dist)` என்று போட்டு, ஆற்றுத் தூரம் விளக்காமல் விட்ட மீதங்களின் செமிவேரியோகிராமை வரைந்துவிட்டு வாருங்கள். இம்முறை எக்ஸ்பொனென்ஷியல் மாதிரி, `vgm(1, "Exp", 300, 1)` என்று தொடங்குங்கள்.

கயல்விழி

போட்டுவிட்டேன் சார். நக்கெட் 0.057, அதன்மேல் 0.176, ரேஞ்ச் 340. மொத்த உயரம் 0.64-லிருந்து 0.23-க்கு விழுந்துவிட்டது. ரேஞ்சும் 897-லிருந்து 340 மீட்டராகச் சுருங்கிவிட்டதே! இனி 340 மீட்டருக்கு அப்பால் உள்ள மாதிரிகளுக்கு மதிப்பே இல்லையா?

ஜெயந்தி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே பிரச்சினைதான். எங்கள் கிராமத்து வயல்களில் மின்கடத்துத்திறன் பார்க்க 36 மாதிரிகள் எடுத்தோம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 மீட்டர் இடைவெளியில். செமிவேரியோகிராம் முதலிலிருந்தே தட்டையாகப் போகிறது. எந்த மாதிரியைப் பொருத்தினால் வளைவு கிடைக்கும்? கோளமா, காஸியனா?

ராகவன்

கயல்விழி, அந்த 340 ஏமாற்றும் எண். கோள மாதிரியில் ரேஞ்ச் என்பது வளைவு தட்டையாகும் இடமேதான். எக்ஸ்பொனென்ஷியலில் அது ஓர் அளவுகோல் மட்டும். வளைவு தன் உச்சத்தில் 95 விழுக்காட்டை எட்டுவதற்கு அதைப்போல் மூன்று மடங்கு தூரம், அதாவது சுமார் 1020 மீட்டர், ஆகும். எனவே ரேஞ்ச் சுருங்கிவிட்டது என்று சொல்லமுடியாது. வெவ்வேறு மாதிரி வளைவுகளின் ரேஞ்சை நேருக்கு நேர் ஒப்பிடவே கூடாது.

நீங்கள் பார்க்கவேண்டியது உயரத்தை. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆற்றுத் தூரத்தோடு போய்விட்டது. ஆனால் நக்கெட் அசையவில்லை. பாண்டியன் சொன்ன விகிதத்தை இப்போது போட்டால் 8 அல்ல, 24 விழுக்காடு. பக்கத்துப் பக்கத்து மாதிரிகளுக்கு இடையில் எதுவும் மாறவில்லை. போக்கு ஊதிவைத்திருந்த உயரம் இறங்கியதுதான் காரணம். முதல் விகிதம் அத்தனை அழகாக வந்ததற்கு ஆறு ஒரு காரணம். போக்கை நீக்காமல் அந்த விகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இந்தத் தரவுக்குக் கிரிகிங் பொருந்தும், ஆற்றுத் தூரத்தையும் சேர்த்துக்கொண்டு. மீதங்களிலும் தெளிவான ஏற்றம் இருக்கிறது, கணிக்கவேண்டிய ஒவ்வொரு கட்டத்துக்கும் `meuse.grid`-இல் `dist` கிடைக்கிறது. பிறகு `krige.cv` ஓட்டி, தனிப் பின்னடைவுக் கோட்டைவிட பிழை குறைகிறதா என்று பாருங்கள். அதில் வரும் `zscore`-இன் மாறுபாடு 1-க்கு அருகில் இருக்கவேண்டும். வெகுவாகக் கூடினால், வரைபடம் காட்டும் பிழை அளவு உண்மையைவிடச் சிறியது என்று பொருள்.

ஜெயந்தி அம்மா, உங்களுடையது வேறு சிக்கல். தட்டையான படத்தில் வளைவைத் தேடிப் பொருத்தினால், நீங்கள் பொருத்துவது தற்செயலான ஏற்ற இறக்கத்தைத்தான். முழுக்க நக்கெட்டாக இருக்கும்போது கிரிகிங் எல்லா இடத்துக்கும் சராசரியைத்தான் தரும். உப்புத்தன்மை 200 மீட்டருக்குள்ளேயே மாறிவிடுகிறதா, அல்லது இடச்சார்பே இல்லையா என்பதை இந்த 36 மாதிரிகளால் பிரித்துச் சொல்லமுடியாது. நூறுக்கு அருகிலாவது இல்லாமல் நான் செமிவேரியோகிராமை நம்புவதில்லை. புதிதாக எடுப்பதானால் சில பழைய புள்ளிகளைச் சுற்றி 10, 30, 80 மீட்டர் என்று நெருக்கமாக எடுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி: எல்லாவற்றையும் ஒரே சமயத்திலா எடுத்தீர்கள்?

பாண்டியன்

விகிதம் பற்றிச் சொன்னது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். இயல்நிலைப் பரவல் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ராகவன்

கட்டாயமில்லை. பரவல் எதுவானாலும் கிரிகிங் கணக்கு செல்லும். லாக் எடுப்பதற்குக் காரணம், வேறுபாட்டை இருமடியாக்கும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட சில மதிப்புகள் மட்டுமே படத்தை ஆண்டுவிடும் என்பது. ஆனால் லாக்கில் கணித்ததை வெறும் `exp` போட்டுத் திருப்பினால் கிடைப்பது இடைநிலை அளவு. சராசரி வேண்டுமென்றால் கிரிகிங் மாறுபாட்டை வைத்துத் திருத்தவேண்டும்.

பாண்டியன்

அந்தத் திருத்தத்தை நான் செய்வதில்லை. செமிவேரியோகிராம் சற்றுப் பிசகினாலும் அடுக்குக்குறியில் ஏறிப் பெரிதாகிவிடுகிறது. இடைநிலை என்று வரைபடத்திலேயே எழுதிவிடுகிறேன்.

ராகவன்

மொத்தத் துத்தநாகம் எவ்வளவு என்று கூட்டிப்பார்க்கும் வேலையானால் அது குறைத்தே காட்டும். வரம்பைத் தாண்டிய இடங்களைக் குறிப்பதற்கு மட்டும் என்றால் நான் சண்டைக்கு வரவில்லை.

ஜெயந்தி

ஐயா, பாதி மாதிரிகள் அறுவடை முடிந்த கையோடு எடுத்தவை. மீதி, தண்ணீர் விட்டபின் இரண்டு மாதம் கழித்து. எந்த மாதிரி எப்போது எடுத்தது என்ற பதிவேடு வேளாண் உதவியாளரிடம் இருக்கிறது, வாங்கிப் பிரித்துப் பார்க்கிறேன்.